ஐம்பது எம்பிக்குள் ஒரு கூத்து

தொண்ணூறுகளின் கடைசியில் வீடியோ சிடியில் படம் பார்த்தவர்களுக்கு இது நினைவிருக்கும். நாயகனும் அம்மாவும் திண்ணையில் உட்கார்ந்து பேசும்வரை படம் ஓரளவு சுத்தமாக ஓடும். சண்டை தொடங்கியதும் திரை முழுக்கக் கட்டம் கட்டமாக உடையும். மழைப் பாட்டு வந்தால் இன்னும் மோசம். சிடியில்தான் கீறல் என்று நினைத்துத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி போடுவோம். அதே இடத்தில் அதே கட்டங்கள் வரும்.

கோளாறு பெரும்பாலும் தட்டில் இல்லை. விசிடிக்கான தரவிதி, படத்துக்கு நொடிக்கு 1150 கிலோபிட் என்று ஒரே அளவை வகுத்திருந்தது. அம்மா அசையாமல் உட்கார்ந்திருக்கும் நொடிக்கும் 1150, பத்துப் பேர் மழையில் புரளும் நொடிக்கும் 1150. முதல் நொடிக்கு அது தாராளம், இரண்டாவதற்குப் பற்றாது. தாராளமான இடத்தில் மிஞ்சியதைப் பற்றாத இடத்துக்குக் கொண்டுபோக அந்த அமைப்பில் வழி இல்லை.

பின்னால் டிவ்எக்ஸ், எக்ஸ்விட் என்ற கோடெக்குகள் வந்தபோது, இரண்டு மூன்று தட்டுகளில் இருந்த முழுப் படத்தை 700 எம்பி கொண்ட ஒரே தட்டில் அடக்க முடிந்தது. சுருக்கும் முறை மேம்பட்டது ஒரு காரணம். இன்னொரு காரணம், படத்தை இரண்டு முறை ஓட்டி என்கோடிங் செய்யும் பழக்கம். அப்படி அடக்கப்பட்டவற்றில் பெரும்பகுதி திருட்டுப் பிரதி என்பது வேறு விஷயம். டூ-பாஸ் என்கோடிங் என்ற அந்த முறை இன்றும் அப்படியே உயிரோடு இருக்கிறது. தட்டு போய்விட்டது, அளவுக் கட்டுப்பாடு போகவில்லை. இணையப் படிவம் 50 எம்பிக்கு மேல் ஏற்காது, மின்னஞ்சல் 25 எம்பியில் நின்றுவிடும்.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொண்டு கடைசிவரை போட்டுப் பார்ப்போம். ஏழரை நிமிட ஆவணப்படம், தெருக்கூத்து பற்றியது. மொத்தம் 450 நொடி. அதில் 300 நொடி, வயதான வாத்தியார் ஒருவர் சுவரோரம் உட்கார்ந்து பேசுகிறார். மீதி 150 நொடி இரவுக் கூத்து: கண்ணாடிச் சில்லு பதித்த கிரீடம் மினுங்குகிறது, வேடக்காரர் சுழன்று ஆடுகிறார், காலடியில் புழுதி கிளம்புகிறது. போட்டிக்கு அனுப்ப வேண்டிய கோப்பு 50 எம்பியைத் தாண்டக் கூடாது.

முதலில் செய்ய வேண்டியது வகுத்தல் கணக்கு. 50 எம்பி என்றால் 5 கோடி பைட். ஒரு பைட்டில் 8 பிட், ஆக 40 கோடி பிட். அதை 450 நொடிக்குப் பங்கிட்டால் நொடிக்கு ஏறக்குறைய 889 கிலோபிட். இது படம், ஒலி, கோப்பின் உறை எல்லாவற்றுக்கும் சேர்த்து. உறை என்பது எம்பி4 கோப்பு தனக்குள் வைத்திருக்கும் அட்டவணைகள். எந்த ஃபிரேம் எங்கே தொடங்குகிறது என்பது போன்ற குறிப்புகள் அவை. இந்த அளவுக் கோப்பில் அது ஒரு சதவீதத்துக்குள் முடிந்துவிடும். என்கோடர் குறியை ஒரு மயிரிழை தாண்டினாலும் தாங்கட்டும் என்று இரண்டு சதவீதம் கழித்துவிடுவோம்: 871. கூத்தில் முகவீணையும் மிருதங்கமும் பின்பாட்டும் உண்டு, ஒலியில் கஞ்சத்தனம் பிடித்தால் காது உடனே கண்டுபிடிக்கும். அதற்கு 96 கிலோபிட் ஒதுக்கினால், படத்துக்கு மிஞ்சுவது நொடிக்கு 775 கிலோபிட்.

இந்தக் கணக்கில் மூன்று இடங்களில் வழுக்கும். ஒலியைக் கழிக்க மறப்பது ஒன்று. பிட்டையும் பைட்டையும் குழப்புவது இன்னொன்று. அப்படிக் குழப்பினால் விடை எட்டு மடங்கு தவறும் என்பதால் உடனே தெரிந்துவிடும். மூன்றாவதுதான் நயவஞ்சகமானது. சில கணினிகள் ஒரு எம்பியைப் பத்து லட்சம் பைட் என்று எண்ணும், சில 10,48,576 பைட் என்று எண்ணும். 50 எம்பிக்கு இந்த வித்தியாசம் 24 லட்சம் பைட்டுக்கு மேல் வரும். அந்த இணையதளம் எதை எண்ணுகிறது என்று தெரியாதபோது சிறிய கணக்கையே பிடித்துக்கொள்வது நல்லது. மின்னஞ்சலில் இன்னொரு பொறி உண்டு. இணைப்புகள் எழுத்துருவாக மாற்றப்பட்டுத்தான் பயணம் செய்கின்றன, அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பருத்துவிடும். பருத்த பிறகு அளக்கும் சர்வரில் 25 எம்பி என்பது உண்மையில் 18 எம்பிதான்.

சரி, நொடிக்கு 775 கிலோபிட். இதை எப்படிச் செலவழிப்பது?

வீடியோ கோடெக் ஒவ்வொரு ஃபிரேமையும் தனிப் புகைப்படமாக எழுதுவதில்லை. அவ்வப்போது ஒன்றை முழுதாக எழுதும். அடுத்து வருபவற்றில் முந்தைய ஃபிரேமிலிருந்து எதையெல்லாம் நகலெடுக்கலாம் என்று தேடி, மாறியதை மட்டும் எழுதும். வாத்தியார் பேசும்போது சுவர் மாறுவதில்லை, அவர் வாயும் கையும்தான் மாறுகின்றன. அதனால் செலவு குறைவு. கூத்தில் ஒவ்வொரு கண்ணாடிச் சில்லும் ஃபிரேமுக்கு ஃபிரேம் வேறு மாதிரி மின்னுகிறது, புழுதிக்கு நிலையான உருவமே கிடையாது. நகலெடுக்க எதுவும் சிக்காததால் எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டியிருக்கிறது.

ஒரே தரம் தெரிய, பேச்சைவிடக் கூத்துக்கு நொடிக்கு ஐந்து மடங்கு பிட் தேவை என்று வைத்துக்கொள்வோம். விசிடி பாணியில் இரண்டுக்கும் 775 கொடுத்தால், வாத்தியாருக்குத் தேவைக்கு மேல் போகும், கூத்து உடையும். அதே மொத்தத்தைத் தரம் சமமாக இருக்கும்படி பிரித்தால் பேச்சுக்கு நொடிக்கு 332 கிலோபிட், கூத்துக்கு 1660. மொத்தச் செலவு அப்படியே இருக்கிறது. கூத்துக்குக் கிடைப்பது மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. ஆனால் இப்படிப் பிரிக்க வேண்டுமானால், முதல் நொடியை எழுதத் தொடங்கும்போதே கடைசி நொடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஒரே ஓட்டத்தில் சராசரி அளவைப் பிடிக்கப் பார்க்கும் என்கோடருக்கு அது தெரியாது. எத்தனை பந்தி வரும் என்று தெரியாமல் பாயசம் ஊற்றுகிறவர் நிலைமைதான் அதற்கு. முதல் பந்திக்கு அகப்பை நிறைய ஊற்றுவார், கடைசிப் பந்திக்குப் பாத்திரத்தைச் சாய்த்துச் சுரண்டுவார். நம் படத்தில் கூத்து கடைசியில் வருகிறது என்றால், பேச்சில் தாராளமாகச் செலவழித்துவிட்டு, மிகவும் தேவைப்படும் இடத்தில் கை வறண்டு நிற்கும். அல்லது அங்கேயும் கொடுத்துவிட்டு 50 எம்பியைத் தாண்டும்.

டூ-பாஸ் முறையில் முதல் ஓட்டம் படத்தைத் தெரிந்துகொள்வதற்கு மட்டும். என்கோடர் முழுப் படத்தையும் சுருக்கிப் பார்க்கிறது, வெளிவரும் படத்தைத் தூக்கிப் போட்டுவிடுகிறது. மிஞ்சுவது ஒரு சிறு குறிப்புக் கோப்பு. நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் நம் படத்தில் 11,250 ஃபிரேம், குறிப்பிலும் ஃபிரேமுக்கு ஒரு வரி. அது எந்த வகை ஃபிரேம், எவ்வளவு கரடாகச் சுருக்கப்பட்டது, உருவ விவரத்துக்கு எத்தனை பிட் போனது, அசைவைச் சொல்ல எத்தனை பிட் போனது என்று அந்த வரியில் இருக்கும். இரண்டாம் ஓட்டம் இந்தக் குறிப்பை முழுக்கப் படித்து, 775 என்ற சராசரிக்கு ஏற்ப ஒவ்வொரு ஃபிரேமுக்கும் பங்கு வகுத்துவிட்டுத்தான் எழுதத் தொடங்குகிறது. போகிற வழியில் கணக்குக்கும் நடப்புக்கும் இடைவெளி விழுந்தால் அங்கங்கே சரிசெய்துகொள்ளும்.

நடைமுறையில் கூத்துக்கு முழு 1660-உம் போகாது. அதற்கும் 775-க்கும் நடுவில் எங்கோ நிற்கும். எக்ஸ்264 போன்ற நல்ல என்கோடர்கள், எழுதப்படும் ஒரு துண்டை எத்தனை ஃபிரேம்கள் பின்னால் நகலெடுக்கப் போகின்றன என்று பார்க்கின்றன. வாத்தியாருக்குப் பின்னால் இருக்கும் சுவர் பத்து நொடி அங்கேயே நிற்கும். அதை ஒரு முறை நன்றாக எழுதினால் அத்தனை ஃபிரேமும் நன்றாக இருக்கும். பறக்கும் புழுதியில் கொட்டிய பிட்டோ அடுத்த ஃபிரேமுக்கு உதவாது. வேகமாக நகரும் பொருளில் நுணுக்கம் குறைவதைக் கண்ணும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. எனவே சண்டைக் காட்சிக்கு வேண்டியதையெல்லாம் அள்ளிக்கொடுப்பது புத்திசாலித்தனம் அல்ல.

கட்டளையைத் தட்டுவதற்கு முன் ஒரு கேள்வி இருக்கிறது. என்னைக் கேட்டால் முடிவைத் தீர்மானிப்பதில் டூ-பாஸைவிட அதற்கே பங்கு அதிகம். படத்தை எந்த அளவில் வைப்பது?

775 கிலோபிட்டை 25 ஃபிரேமுக்குப் பிரித்தால் ஃபிரேமுக்குச் சராசரி 31,000 பிட். 1080 வரிப் படத்தில் ஒரு ஃபிரேமுக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள். அதாவது ஒரு பிட்டை 67 புள்ளிகள் பகிர்ந்துகொள்ள வேண்டும். 720-க்கு இறங்கினால் 30 புள்ளிகள், 540-இல் 17. எத்தனை சாமர்த்தியமாகப் பங்கிட்டாலும் 67 என்பது கூத்துக்குக் கட்டுப்படியாகாது. பெரிய சட்டத்தில் கட்டம் கட்டமாக உடைந்த படத்தைவிட, சிறிய சட்டத்தில் தெளிவாக இருக்கும் படம் எவ்வளவோ மேல். திரை அதைப் பெரிதாக்கிக் காட்டும்போது சற்று மென்மையாகத் தெரியும், அவ்வளவுதான். 1080 என்ற எண் போய்விடுமே என்ற தயக்கத்தில் பலர் இந்த இடத்தில் பிடிவாதம் பிடிப்பார்கள்.

எந்த அளவு பொருந்தும் என்று ஊகிக்க வேண்டியதில்லை, சோதித்தே பார்க்கலாம். எக்ஸ்264-இல் சிஆர்எஃப் என்ற இன்னொரு முறை உண்டு. அதில் தரத்தைச் சொல்லிவிட்டு, கோப்பு எவ்வளவு வந்தாலும் ஏற்றுக்கொள்வோம். டூ-பாஸில் அளவைச் சொல்லிவிட்டு, தரம் எப்படி வந்தாலும் ஏற்றுக்கொள்வோம். சிஆர்எஃப் 23 என்பது அதன் இயல்பு நிலை. எண் கூடக் கூடத் தரம் குறையும், ஆறு கூடினால் கோப்பு ஏறக்குறையப் பாதியாகும். நம் படத்தை 1080-இல் சிஆர்எஃப் 23 வைத்து ஓட்டினால் 200 எம்பி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 50-க்கு இறங்க இரண்டு முறை பாதியாக வேண்டும். அதாவது சிஆர்எஃப் 35-க்குச் சமமான தரம். அது பார்க்கச் சகிக்காது. 540-இல் அதே சோதனை 65 எம்பி தந்தால், தேவைப்படும் இறக்கம் சிறியது. டூ-பாஸ் அதைக் கண்ணியமாகச் செய்துவிடும்.

இந்தச் சோதனை வேறு ஒன்றையும் சொல்லிவிடும். சிஆர்எஃப் 20 வைத்தும் கோப்பு 35 எம்பிதான் வருகிறது என்றால், அதையே அனுப்பிவிடலாம், டூ-பாஸ் வேண்டியதில்லை. இரண்டு முறை ஓட்டுவதாலேயே தரம் கூடும் என்று பரவலாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. எக்ஸ்264-இல் முடிவுக் கோப்பு ஒரே அளவாக இருந்தால் சிஆர்எஃப்பும் டூ-பாஸும் ஏறக்குறைய ஒரே தரத்தைத்தான் தருகின்றன. டூ-பாஸ் தருவது அளவில் துல்லியம். கூகுளின் விபி9 மட்டும் இதற்கு விலக்கு. அதில் சில வசதிகள் இரண்டு ஓட்டத்தில்தான் முழுமையாக வேலை செய்யும்.

நம் படத்துக்கு இன்னொரு தொல்லையும் இருக்கிறது. இருட்டில் எடுத்த காட்சிகளில் குருணை பொரியும். கேமராவின் உணர்வான் வெளிச்சம் போதாமல் தானே உண்டாக்கும் அந்தப் பொரிச்சல் ஃபிரேமுக்கு ஃபிரேம் வேறாக இருப்பதால், அதையும் புழுதியைப் போலவே புதிதாக எழுத வேண்டியிருக்கும். யாரும் பார்க்க விரும்பாத ஒன்றுக்குப் பிட் கரையும். சுருக்குவதற்கு முன்பே லேசாக அதை வடிகட்டிவிட்டால் மிச்சமாவது நிஜமான உருவத்துக்குப் போகும். அதிகம் வடிகட்டினால் வேடக்காரரின் முகப்பூச்சு மெழுகு மாதிரி ஆகிவிடும்.

இனிக் கட்டளைகள். `ffmpeg` என்ற இலவச மென்பொருளில் இரண்டே வரிதான்:

```
ffmpeg -y -i koothu.mov -vf hqdn3d=2,scale=960:-2 -c:v libx264 -preset slow -b:v 775k -pass 1 -an -f null /dev/null
ffmpeg -i koothu.mov -vf hqdn3d=2,scale=960:-2 -c:v libx264 -preset slow -b:v 775k -pass 2 -c:a aac -b:a 96k -movflags +faststart koothu.mp4
```

முதல் வரியில் `-an` ஒலியை விட்டுவிடச் சொல்கிறது, கடைசியில் உள்ள `/dev/null` படத்தைத் தூக்கிப் போடச் சொல்கிறது. விண்டோஸில் அந்த இடத்தில் `NUL` என்று எழுத வேண்டும். முதல் ஓட்டத்தில் எக்ஸ்264 நுணுக்கமான தேடல்களைத் தானாகவே குறைத்துக்கொள்வதால் அது சீக்கிரம் முடியும். முடிந்ததும் அதே ஃபோல்டரில் `ffmpeg2pass-0.log` என்ற கோப்பும், அதே பெயரோடு `.mbtree` சேர்ந்த கோப்பும் இருக்கும். நாம் மேலே சொன்ன குறிப்புகள் அவைதான். கட்டளை தட்டப் பிடிக்காதவர்கள் HandBrake மென்பொருளில் சராசரி பிட்ரேட்டைத் தேர்ந்தெடுத்து 775 என்று கொடுத்து, பல ஓட்டப் பெட்டியில் டிக் அடித்தால் அதே வேலை நடக்கும்.

இரண்டு வரிகளிலும் படத்தைத் தொடும் எல்லாமும் ஒன்றாக இருக்க வேண்டும். முதல் ஓட்டத்தை 540-இல் செய்துவிட்டு இரண்டாவதை 720-இல் கேட்டால், குறிப்பு புதிய அளவுக்குத் துல்லியமாகப் பொருந்தாது. ஃபிரேம் எண்ணிக்கை மாறினாலும் குறிப்பு பொருந்தாது. பிழை காட்டி நின்றால் நல்லது. சத்தமில்லாமல் கெடுவதுதான் சங்கடம். ஒரே ஃபோல்டரில் இரண்டு படங்களை ஒரே நேரத்தில் ஓட்டினால் இரண்டும் ஒரே பெயரில் குறிப்பெழுதி, ஒன்றின் குறிப்பை மற்றொன்று அழித்துவிடும். வேலை முடிந்ததாகக்கூடத் தோன்றலாம். ஆனால் கோப்பின் அளவு குறியை விட்டு விலகியிருக்கும், சலனமற்ற காட்சியில் தெளிவும் ஆட்டத்தில் கட்டங்களும் இருக்கும். `-passlogfile` என்று தனித்தனிப் பெயர் கொடுத்துவிட்டால் இந்த வம்பு இல்லை.

கிராஃபிக்ஸ் கார்டை வைத்து வேகமாகச் சுருக்குகிறவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. என்விடியா அட்டைகளில் `multipass` என்று ஒரு வசதி இருக்கிறது. பெயரைப் பார்த்து இதுவும் அதுதான் என்று நினைக்கத் தோன்றும். அது ஒவ்வொரு ஃபிரேமையும் இரண்டு முறை பார்க்கிறது. ஏழாவது நிமிடத்தில் கூத்து வருகிறது என்பது அதற்குத் தெரியாது.

இரண்டாம் ஓட்டம் முடிந்ததும் கோப்பின் அளவை எம்பியில் பார்க்காமல் பைட்டில் பார்க்க வேண்டும். 5 கோடிக்குள், 4 கோடியே 90 லட்சத்தையொட்டி இருந்தால் சரி. மிஞ்சிய பத்து லட்சத்தையும் நிரப்பிவிட வேண்டும் என்று சிலருக்குக் கை பரபரக்கும். அந்த இரண்டு சதவீதம் எந்தக் கண்ணுக்கும் தெரியாது. தாண்டிவிட்டதென்றால் முதல் ஓட்டத்தை மறுபடி செய்ய வேண்டியதில்லை. பழைய குறிப்பை வைத்துக்கொண்டே இரண்டாம் வரியில் 775-ஐ 760 ஆக்கி ஓட்டினால் போதும். குறிப்பில் இருப்பது எது கடினம், எது எளிது என்ற விவரம். மொத்தம் சற்று மாறினாலும் அது மாறாது. மிகச் சிறிய துண்டுகளில், பத்து பதினைந்து நொடிப் படங்களில், குறி தவறுவது அதிகம். சரிசெய்துகொள்ள அங்கே போதுமான ஃபிரேம்கள் இருக்காது.

பிறகு படத்தைப் பார்க்க வேண்டும், அதிலும் மோசமாக இருக்கக்கூடிய இடங்களை முதலில். இருட்டு வானம் பட்டை பட்டையாகப் படிந்திருக்கிறதா, காட்சி மாறிய முதல் சில ஃபிரேம்கள் கலங்கியிருக்கின்றனவா, கிரீடம் சுழலும்போது கட்டங்கள் தெரிகின்றனவா என்று கூத்தின் 150 நொடியையும் முழுத் திரையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பது வேண்டாத வேலை. ஓடும்போது தெரியாத குறையைப் பார்வையாளர் பார்க்கப் போவதில்லை. கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால் வீடியோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்ப வேண்டும். வீடியோவாக அனுப்பினால் அது தன் பங்குக்கு மறுபடி ஒரு முறை சுருக்கிவிடும், இத்தனை நேரம் வகுத்த பங்கீடு எல்லாம் கலைந்துபோகும்.

அப்படியும் கூத்து உடைகிறதென்றால் `-preset slow` என்பதை `veryslow` ஆக்கிப் பார்க்கலாம். நேரம் வெகுவாகக் கூடும், தரம் கொஞ்சம் கூடும். அதைவிடப் பலன் தருவது கத்தரி. தொடக்கத்தில் பெயர்கள் மெல்ல மங்கித் தோன்றும் முப்பது நொடி இருந்தால் அதை எடுத்துவிடலாம். மங்கித் தோன்றும் காட்சிகளில் ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சமும் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறுவதால் அவை தோற்றத்தைவிட அதிகமாகவே தின்னும். 450 நொடி 420 ஆனால், அதே கணக்கில் படத்துக்குக் கிடைப்பது 775-இலிருந்து 837-க்கு ஏறும். இந்த முறை மட்டும் முதல் ஓட்டத்திலிருந்தே தொடங்க வேண்டும். பழைய குறிப்பில் 11,250 வரிகள் இருக்கின்றன, புதிய படத்தில் 10,500 ஃபிரேம்கள்தான்.